மூலப்படத்து முகம் இழுபட்டாலோ நசுங்கினாலோ: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"அப்பா மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா அப்பா இல்ல."

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வாங்கிப்போக வந்த ஓர் அக்கா, பெரிதாக்கிய முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது இது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுக் கடையில் வேலை செய்கிறேன். பழைய ஐசி படம், கிழிந்த கல்யாணப் படம், சாமி மேடைக்கு மேல் மாட்டியிருக்கும் சட்டம் என்று எதையாவது கொண்டுவருவார்கள். அதை மூலமாக வைத்து ஏஐ மென்பொருளில் தெளிவான படம் உருவாக்கி, சட்டத்துக்கோ, பண்டிங் என்கிற நீளமான துணிப் பதாகைக்கோ அச்சடித்துக் கொடுப்போம். முகம் மாறிப்போகும்போது எல்லாரும் முதலில் கைவைப்பது பிராம்ப்டில், அதாவது மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையில். என் கைக்கு வந்த கேஸ்களில் பெரும்பாலும் குற்றவாளி அகலம், உயரம் என்ற இரண்டு எண்கள்தான்.

கீழே உள்ளவை ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்து மாடல்களுக்கு எழுதியவை. பொத்தான்களின் பெயர்கள் AUTOMATIC1111, ComfyUI என்ற இரண்டு மென்பொருளிலும் திரையில் தெரிகிறபடியே இருக்கின்றன. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: இரண்டு கோடு அளந்து பாருங்கள்

கண் ஏமாற்றும். அதனால் நான் அளந்துதான் பார்ப்பேன். மூலப்படத்தைத் திறந்து, இடது கண்மணியின் நடுவிலிருந்து வலது கண்மணியின் நடுவரை எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அப்புறம் கண்களின் கோட்டிலிருந்து முகவாய்க் கட்டையின் அடிவரை எத்தனை என்று பாருங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உருவாக்கிய படத்திலும் இதையே செய்யுங்கள். பிறகு புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுங்கள்.

விடை 1-க்கு ஒட்டி, அதாவது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருந்தால் முகம் இழுபடவில்லை. 1-க்கு மேலே போனால் அகன்றிருக்கிறது, கீழே போனால் ஒடுங்கியிருக்கிறது. முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலோ வாய் திறந்திருந்தாலோ இந்தக் கணக்கு தப்பும். அப்படியானால் சட்டைப் பொத்தான், மூக்குக் கண்ணாடி மாதிரி இரண்டு படத்திலும் மாறாமல் இருக்கும் வேறொன்றை அளங்கள்.

அந்த அக்காவின் அப்பா படத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் பாஸ்போர்ட் அளவு, 35 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்ததில் 827 × 1181 பிக்சல் வந்தது. கண்மணிகளுக்கு நடுவே 200, கண்ணிலிருந்து முகவாய் 360. வகுத்தால் 0.556. கடையில் இருந்த பையன் செய்த வெளியீடு 1024 × 1024 சதுரம். அதில் அதே அளவுகள் 248, 312. வகுத்தால் 0.795. 0.795-ஐ 0.556-ஆல் வகுத்தால் 1.43.

இந்த 1.43-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு மூலப்படத்தின் வடிவத்தைப் பாருங்கள்: 827-ஐ 1181-ஆல் வகுத்தால் 0.70. அதைச் சதுரத்துக்குள் திணித்தால் அகலம் 1 ÷ 0.70 மடங்கு, அதாவது அதே 1.43 மடங்கு கூடும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் விசாரணை முடிந்தது. மாடல் ஒன்றும் செய்யவில்லை. படம் மாடலிடம் போவதற்கு முன்பே நசுங்கிவிட்டது.

## அறிகுறி 1: முகம் முழுதாக அகன்றோ ஒடுங்கியோ இருக்கிறது

நூற்றுக்கு எழுபது பேருக்கு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நான் எண்ணி வைக்கவில்லை. அடிக்கடி வருவது இதுதான் என்று மட்டும் சொல்லலாம்.

சல்லிசான காரணம்: `Just resize`. AUTOMATIC1111-இன் `img2img` பக்கத்தில் `Resize mode` என்று ஒரு வரிசை இருக்கிறது. ஆரம்பத்திலேயே தேர்ந்திருப்பது `Just resize`. மூலப்படம் எந்த வடிவத்தில் இருந்தாலும், நீங்கள் கொடுத்த அகல உயரத்துக்குள் அதை அப்படியே இழுத்துப் பொருத்துவதுதான் அதன் வேலை. `Crop and resize` என்றால் வடிவம் கெடாமல் பெரிதாக்கி, மிஞ்சும் ஓரத்தை வெட்டிவிடும். `Resize and fill` என்றால் படம் முழுதையும் உள்ளே வைத்து, காலியான ஓரத்தை நிரப்பும்.

முகப் படத்துக்கு நான் எடுப்பது `Crop and resize`. ஆனால் அதற்கு முன்பே அகல உயரத்தை மூலப்படத்துக்கு நெருக்கமாக வைத்துவிடுவேன். எஸ்டிஎக்ஸ்எல் மாடலுக்கு 832 × 1216 நல்ல அளவு. விகிதம் 0.684, பாஸ்போர்ட் படத்தின் 0.70-க்குப் பக்கத்தில். உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 851 ஆகும், இரண்டு பக்கமும் பத்துப் பத்து பிக்சல்தான் போகும். சட்டையின் தோளில் ஓர் இழை குறையும், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த அக்காவின் படத்தை இப்படித்தான் மறுபடி செய்தேன். அளந்ததில் 0.99 வந்தது.

ComfyUI-இல் இதே வேலையை `Upscale Image` கட்டம் செய்கிறது. அதில் `crop` என்ற இடத்தில் `disabled` இருந்தால் இழுக்கும், `center` என்று மாற்றினால் நடுவை வைத்துக்கொண்டு ஓரத்தை வெட்டும். `disabled` என்ற சொல்லைப் பார்த்து "எதையும் தொடாது போலிருக்கிறது" என்று நினைத்து நானே ஒரு நாள் முழுக்க ஏமாந்திருக்கிறேன். வெட்டுவதைத்தான் அது நிறுத்துகிறது, இழுப்பதை அல்ல.

அடுத்த காரணம்: கன்ட்ரோல்நெட்டுக்குத் தனி அளவு அமைப்பு. மேலே எல்லாம் சரியாக இருந்தும் முகக் கோடு மட்டும் அகன்றிருந்தால் கன்ட்ரோல்நெட் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதற்குள்ளும் தனியாக ஒரு `Resize Mode` உண்டு. அங்கே வேறு படத்தை ஏற்றி `Just Resize` விட்டிருந்தால், கோட்டு வரைபடமோ ஆழ வரைபடமோ இழுபட்டு, மாடல் அந்த இழுபட்ட கோட்டுக்குள் முகத்தை வரைந்துவிடும். `Crop and Resize` வைத்து, `Pixel Perfect` பெட்டியையும் டிக் செய்யுங்கள். முன்னோட்டத்தில் தெரியும் கோட்டுப் படத்தில் தலை உருண்டையாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அளந்தால் 1.43-உம் இல்லை, 1-உம் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. அதிகம் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். `Denoising strength` 0.3 மாதிரி குறைவாக இருந்தால் இழுபட்டது இழுபட்டபடியே வெளிவரும், யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். 0.6, 0.7 என்று ஏற்றினால் மாடல் முகத்தைப் பெரும்பாலும் புதிதாக வரைகிறது. அதற்கு மனித முகம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். அதனால் நசுங்கிய முகத்தைப் பாதி நிமிர்த்தி, மீதி அகலத்தைக் கன்னத்துச் சதையாக மாற்றிவிடும். வெளிவருவது இழுபட்ட படம் மாதிரியே தோன்றாது. உங்கள் அப்பாவின் குண்டான தம்பி மாதிரி தோன்றும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வட்டம் போதும். மூலப்படத்தின் பிரதி ஒன்றில், மூலையில் ஒரு வெள்ளை வட்டம் வரையுங்கள். வட்டம் வெட்டுப்பட்டுப் போகாதபடி கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். `Denoising strength`-ஐ 0.05 ஆக்கி, மற்ற எதையும் மாற்றாமல் ஒரு முறை ஓட்டுங்கள். வெளியே வருவது வட்டமாக இருந்தால் அமைப்பு சரி, முகம் மாறியது மாடலின் வேலை; பிராம்ப்ட், ரெஃபரன்ஸ் பலம் இவற்றைப் பிறகு பார்க்கலாம். முட்டையாக வந்தால் பிராம்ப்டைத் தொடவே வேண்டாம், அளவைத் திருத்துங்கள். ஒரு நிமிட வேலை.

எப்போது விட்டுவிடலாம்: வட்டம் வட்டமாகவே வருகிறது, அளவும் 1-க்கு ஒட்டியே இருக்கிறது, ஆனாலும் வீட்டார் "இவர் இல்லை" என்கிறார்கள் என்றால் அது இந்தக் கட்டுரையின் சிக்கல் இல்லை. கையால் ரீடச் செய்கிறவரிடம் மூலப்படத்தைக் கொடுங்கள். மாடலை இன்னும் இருபது முறை ஓட்டுவதைவிட அது மலிவு.

## அறிகுறி 2: முகம் சரி, கழுத்து நீண்டுவிட்டது, அல்லது தலைக்கு மேல் இன்னொரு தலை

பண்டிங் வேலையில் இது தவறாமல் வரும். நம் ஊரில் பண்டிங் பெரும்பாலும் இரண்டடிக்கு ஐந்தடி. வாடிக்கையாளர் அதைச் சொன்னவுடன், பையன் 512 × 1280 என்று தட்டிவிடுவான். விகிதம் துல்லியமாக 0.4. கணக்குச் சரி, படம் பேய்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயிற்சி பெற்றது 512 × 512 சதுரத்தில். அதற்கு இரண்டரை மடங்கு உயரம் கொடுத்தால் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் அது தனித்தனிப் படமாக நினைத்துக்கொள்ளும். கழுத்தை இழுத்து இடத்தை நிரப்பும், இல்லாவிட்டால் இன்னொரு தலையை வைக்கும். இது `Resize mode` மாற்றினால் போகாது.

சுலபமான வழி, உயரத்தைக் குறைப்பது. 1.5 மாடல் என்றால் 512 × 768-க்கு மேல் முதல் ஓட்டத்தில் போக வேண்டாம். பெரிதாக்குவது இரண்டாம் கட்டம்: `Hires. fix`, அல்லது தனி அப்ஸ்கேலர். எஸ்டிஎக்ஸ்எல் 1024 × 1024 அளவுக்குப் பழகியது. மொத்தப் பிக்சல் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் 832 × 1216, 896 × 1152, 768 × 1344 போன்ற வடிவங்களும் அதற்குப் பழக்கம். 640 × 1536-உம் அந்தப் பட்டியலில் உண்டு, அது பண்டிங் வடிவத்துக்கும் பக்கம். ஆனால் முகப் படத்துக்கு அதை நான் எடுப்பதில்லை. ஆளை நிற்க வைத்து முழு உருவம் எடுக்கிற வேலைக்கு மட்டும் சரிப்படும். மார்பளவுப் படத்தில் கழுத்து நீளத்தான் செய்கிறது.

பண்டிங்கை நான் செய்வது இப்படி. ஆளை 832 × 1216-இல் உருவாக்குவேன். நான்கு மடங்கு அப்ஸ்கேல் செய்தால் 3328 × 4864. பண்டிங் பக்கம் 100 டிபிஐயில் 2400 × 6000. ஆளின் படத்தை அகலம் 2400-க்குப் பொருத்தினால் உயரம் தானாக 3508 ஆகும். மீதி 2492 பிக்சல் பெயருக்கும், தோற்றம் மறைவு தேதிக்கும், குடும்பத்தார் பெயர் வரிசைக்கும். அந்த இடம் எப்படியும் வேண்டும்தானே! மாடலிடம் ஐந்தடி கேட்க வேண்டிய தேவையே இல்லை. பின்னணி ஒரே மாதிரி மேலே போக வேண்டும் என்றால் ComfyUI-இன் `Pad Image for Outpainting` வைத்துப் பின்னணியை மட்டும் வளர்த்துக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி போதாமல் இரண்டாம் கட்டமே ஓடவில்லை என்றால், புதுக் கார்டு வாங்கும் யோசனைக்கு முன்னால் அப்ஸ்கேலை மட்டும் வெளியே கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மாதம் இரண்டு பண்டிங் செய்கிறவருக்குக் கார்டு கட்டுப்படியாகாது.

## அறிகுறி 3: நெற்றியோ முகவாயோ மட்டும் வேறு ஆளுடையதாக இருக்கிறது

ஐபி-அடாப்டர் வழியாக முகத்தை ரெஃபரன்ஸாகக் கொடுப்பவர்களுக்கு வருவது. கண்ணும் மூக்கும் ஒத்துப்போகும். நெற்றி, முடிக்கோடு, தாடை இவை எங்கிருந்தோ வந்தவை போல இருக்கும்.

காரணம் ஒன்றுதான். ரெஃபரன்ஸைப் படிக்கும் கிளிப் பகுதி 224 × 224 சதுரத்தைத்தான் பார்க்கிறது. நீளவாக்குப் படம் கொடுத்தால் நடுவைச் சதுரமாக வெட்டிக்கொள்கிறது. முகம் மேலே இருக்கும் படத்தில் நெற்றி வெட்டுப்பட்டுப் போகும். பார்க்காத நெற்றியை மாடல் எப்படி வரையும்? தன் கற்பனைக்கு ஒன்றை வைக்கும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் படத்தையே சதுரமாக நசுக்கிக் கொடுக்கிறார்கள். அப்போது வெட்டுப்படாது, ஆனால் அறிகுறி 1 திரும்பி வரும். செய்ய வேண்டியது, முகத்தைச் சுற்றி நீங்களே சதுரமாக வெட்டுவது. முடியின் உச்சியும் தாடையும் உள்ளே இருக்கட்டும், சுற்றிலும் கொஞ்சம் காற்றும் இருக்கட்டும். வெட்ட இடமில்லாத அளவுக்கு இறுக்கமான படம் என்றால் ஓரத்தில் ஒரே நிறத்தைச் சேர்த்துச் சதுரமாக்குங்கள். ComfyUI-இல் `Prep Image For ClipVision` கட்டத்தில் `crop_position` என்பதை `top` என்றோ `pad` என்றோ மாற்றினாலும் இதே பலன்.

முகத்தைத் தேடிப் பிடிக்கும் ஃபேஸ்ஐடி வகை அடாப்டர்களுக்கும் அந்தக் காற்று தேவை. முகமே திரையை அடைத்துக்கொண்டிருந்தால் முகம் கிடைக்கவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும்.

## அறிகுறி 4: கூட்டப் படத்தில் தூரத்து முகங்கள் மட்டும் நசுங்கியிருக்கின்றன

முன்வரிசைத் தாத்தா சரி, பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் மெழுகு உருகிய மாதிரி. விகிதம் இதில் குற்றவாளி அல்ல, பிக்சல் பஞ்சம்தான்.

மாடல் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. 1216 × 832 படத்தில் ஒரு முகம் 48 பிக்சல் அகலம் என்றால், உள்ளே அதற்குக் கிடைப்பது ஆறே ஆறு கட்டம். ஆறு கட்டத்தில் இரண்டு கண், மூக்கு, வாய், மீசை. நடக்காது.

ஒவ்வொரு முகமாக எடுங்கள். இன்பெயின்டில் ஒரு முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, `Inpaint area`-வில் `Only masked` தேர்ந்து, அகல உயரத்தை அந்த மாடலுக்குப் பழக்கமான சதுரத்தில் வையுங்கள். அப்போது அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கி வரைந்து, திரும்பச் சுருக்கி ஒட்டும். `Denoising strength` 0.35 பக்கம் போதும். கூடினால் பதினொரு பேரும் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள்.

மூலப்படத்திலேயே முகம் முப்பது பிக்சலுக்குக் கீழே என்றால் நான் செய்வதில்லை. அதில் இல்லாத முகத்தை மாடல் கற்பனை செய்துதான் தர முடியும். வீட்டாரிடம் அதைச் சொல்லிவிட்டு, நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்பேன். நெகட்டிவ் ஸ்கேன் செய்கிறவரிடம் கொண்டு போனால் சில நேரம் அதிசயம் நடக்கும்.

## அறிகுறி 5: எல்லா அமைப்பும் சரி, வட்டமும் வட்டம்தான், ஆனால் முகம் ஒல்லி அல்லது குட்டை

இப்போது மூலப்படத்தையே சந்தேகப்படுங்கள். இழுபட்டது நம் கடைக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கலாம். எனக்கு வந்ததில் மூன்று வகை.

சுவரில் மாட்டிய சட்டத்தைக் கீழே நின்று கைப்பேசியில் எடுத்தது. மாலை போட்ட படத்தைக் கீழே இறக்க வீட்டில் மனம் வராது. கீழிருந்து எடுத்தால் உயரம் குறுகி முகம் குட்டையாகும், சட்டமும் மேலே போகப் போக ஒடுங்கும். சட்டத்தின் நான்கு மூலையையும் பிடித்துப் பெர்ஸ்பெக்டிவ் திருத்தலாம், ஆனால் திருத்தினபின் எந்த விகிதத்தில் நிறுத்துவது? அதற்குச் சட்டத்தின் அசல் அகல உயரம் வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படத்தை இறக்கத் தயாராக இருந்தால் மேசையில் வைத்து, பக்கத்தில் ஓர் இருபது சென் காசும் வைத்து நேர் மேலிருந்து எடுக்கச் சொல்வேன். காசு வட்டமாகத் தெரிந்தால் படம் சரி.

பழைய கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த ஒரு காட்சி. மலேசியாவில் அப்போது நம்முடையது PAL என்ற வீடியோ முறை. டிவிடியில் ஒவ்வொரு காட்சியும் 720 × 576 என்று பதிவாகியிருக்கும், ஆனால் அது காட்டப்பட வேண்டிய வடிவம் அதுவல்ல. 4:3 வீடியோ என்றால் 768 × 576 ஆக விரிய வேண்டும், 16:9 என்றால் 1024 × 576. வீடியோ பிளேயர் தானாக விரித்துக் காட்டும். காட்சியைப் பிரித்தெடுக்கும் சில மென்பொருள்கள் விரிக்காமல் அப்படியே கொடுத்துவிடும். 4:3-இல் ஆறு சதவீதம் ஒல்லி, "அம்மா அப்போ ஒல்லிதானே" என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். விசிடியில் காட்சி 352 × 288. அது 384 × 288 ஆக வேண்டும்.

கோப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று இதில் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,sample_aspect_ratio -of default=nw=1 kalyanam.vob
```

`sample_aspect_ratio` 1:1 இல்லாமல் 16:15 என்றோ 64:45 என்றோ வந்தால் விரிக்க வேண்டும். விரித்தே காட்சியை எடுப்பது:

```
ffmpeg -ss 00:12:30 -i kalyanam.vob -frames:v 1 -vf "yadif,scale=iw*sar:ih,setsar=1" amma.png
```

நடுவில் உள்ள `yadif` அசையும் கையிலும் முகத்திலும் வரும் சீப்புப் பல் கோடுகளை எடுத்துவிடும். பினாங்கு அங்கிள் ஒருவர் தம் அம்மாவின் கழுத்துத் தாலிக்கொடி தெரிகிற ஒரே படம் என்று டிவிடி கொண்டுவந்தார். முதல் முறை விரிக்காமல் எடுத்து, எஸ்டிஎக்ஸ்எல் வழியாகத் தெளிவாக்கி, அச்சும் அடித்துவிட்டேன். 16:9 வீடியோ அது. அம்மா நூல் மாதிரி வந்திருந்தார். அச்சுக் காசு என் கையிலிருந்து போனது.

குழுப் படத்தின் ஓரத்து ஆள். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் நிற்பவரின் தலையை வெளிப்புறமாக இழுக்கும். நடுவில் இருப்பவரை அளந்தால் சரியாகவும் ஓரத்தவரை அளந்தால் தவறாகவும் இருந்தால் இதுதான். முகத்துக்கு முகம் அளவு மாறுவதால் ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்ய முடியாது. லென்ஸ் திருத்தம் தெரிந்த ரீடச்சரிடம் கொடுங்கள், அல்லது வேறு படம் கேளுங்கள். வேறு படம் கேட்பதுதான் என் பழக்கம்.

ஒரே சீராக இழுபட்ட படம் என்றால், உதாரணத்துக்கு 4:3 காட்சியை அகலத் திரை டிவியில் இழுத்து வைத்துப் படம் பிடித்தது என்றால், அகலத்தை 0.75-ஆல் பெருக்கினால் போதும். அதற்குப் பிறகுதான் மாடலிடம் தர வேண்டும். மாடல் தொட்டபின் திருப்பி இழுத்தால் முடியும் தோலும் சேர்ந்து நசுங்கும்.

## அறிகுறி 6: திரையில் அழகு, அச்சில் இழுபட்ட முகம்

இது உருவாக்கத்தில் வந்தது அல்ல. வடிவமைப்பில் யாரோ படத்தின் பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருப்பார்கள்; மூலைக் கைப்பிடியைத்தான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சு இயந்திரத்தின் மென்பொருளில் தாளுக்கேற்ப நிரப்பும் அமைப்பு இயங்கியிருக்கும்: இரண்டுக்கு ஐந்து என்று அனுப்பிய கோப்பை இரண்டுக்கு ஆறு துணியில் அடித்தால் முகம் இருபது சதவீதம் நீளும்.

கோப்பின் வெட்டு ஓரத்துக்கு வெளியே, பிளீட் பகுதியில், விட்டம் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு வட்டம் வைத்து அனுப்புங்கள். அச்சு வந்தவுடன் ஸ்கேல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளங்கள். குறுக்கே 2, நெடுக்கே 2.4 என்றால் துணியைத் திருப்பிக் கொடுக்கலாம், யார் தவறு என்ற பேச்சே வராது. எங்கள் கடையிலும் வெளியே அடிக்கக் கொடுக்கும்போது இதைத்தான் செய்கிறோம். ஒரு முறை ஓர் அச்சகத்தார் வட்டத்தை எங்கள் கடையின் சின்னம் என்று நினைத்து, அழகாக இருக்கட்டுமே என்று பண்டிங்குக்குள்ளேயே நகர்த்தி வைத்துவிட்டார். முகம் மட்டும் சரியாக இருந்தது.